1.2 லட்சம் பேர் பார்த்தார்களா? ரீச், இம்ப்ரெஷன், ஃப்ரீக்வென்சி, கிளிக்: முதல் விளம்பர ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை விற்கும் ஒரு சின்னக் கடை. தீபாவளிக்கு முன்பு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் முதல்முறையாக விளம்பரம் கொடுக்கிறார்கள். 14 நாள், 12,000 ரூபாய். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட ஏஜென்சி பையனிடமிருந்து கடைசி நாளில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது: "அண்ணா, சூப்பர் ரிசல்ட்ங்ணா! 1.2 லட்சம் பேர் பார்த்திருக்காங்க, 3,000 கிளிக் வந்திருக்கு!"

கடைக்காரர் ஆர்டர் நோட்டைப் பார்க்கிறார். வந்தது 15 ஆர்டர். "அத்தனை பேர் பார்த்தா, ஏம்பா பதினஞ்சோட நின்னுச்சு?" என்பது அவர் கேள்வி. பொங்கலுக்கு இன்னொரு 12,000 போடலாமா, வேண்டாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இது புரிதலுக்கான மாதிரிக் கணக்குதான். ஆனால் முதல்முறை விளம்பரம் கொடுப்பவர்கள் கையில் கிடைக்கும் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதில் உள்ள நான்கு வார்த்தைகள் புரிந்துவிட்டால், இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ரிப்போர்ட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கடைக்காரர் கையில் இருக்கும் ரிப்போர்ட்டின் முதல் வரி இதுதான்: ரீச் 40,000. இம்ப்ரெஷன் 1,20,000. ஃப்ரீக்வென்சி 3. கிளிக் 3,000.

ரீச் வேற, இம்ப்ரெஷன் வேற!

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலையில் வேலைக்குப் போகும்போது டிக்கெட் எடுக்கிறார், சாயங்காலம் திரும்பி வரும்போதும் எடுக்கிறார். கண்டக்டர் கணக்கில் டிக்கெட் இரண்டு. ஆனால் ஆள் ஒருத்தர்தான்.

டிக்கெட் எண்ணிக்கைதான் இம்ப்ரெஷன். அதாவது, விளம்பரம் எத்தனை தடவை திரையில் வந்தது என்ற கணக்கு. ஆள் எண்ணிக்கைதான் ரீச். குறைந்தது ஒரு தடவையாவது அந்த விளம்பரம் எத்தனை பேர் திரையில் வந்தது என்ற கணக்கு.

ஆக, "1.2 லட்சம் பேர் பார்த்தாங்க" என்பது முதல் தப்பு. விளம்பரம் 1.2 லட்சம் தடவை காட்டப்பட்டது. காட்டப்பட்ட ஆட்கள் 40,000 பேர். ஏஜென்சி பையன் ஏமாற்ற நினைத்துச் சொன்னதாகவும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் பெரிய எண் எதுவோ, அதுதான் முதலில் வாயில் வரும்.

"பார்த்தார்கள்" என்ற வார்த்தையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும. விளம்பரம் திரைக்குள் வந்துவிட்டாலே மெட்டா அதை ஒரு இம்ப்ரெஷனாக எண்ணிவிடும். விளம்பரம் வீடியோவாக இருந்தால் அது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் என்றுகூட கிடையாது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருவர் விரலால் சர்ரென்று தள்ளிவிட்டுப் போனாலும் கணக்கில் ஒன்று. அதே நேரம், கீழே தள்ளிப் போனவர் உடனே மேலே வந்து அதே விளம்பரத்தைத் திரும்பக் கடந்தால் அது இரண்டாகாது, ஒன்றுதான். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று தனித்தனியாக வந்தால் இரண்டு.

ரீச் எண்ணும் தலையை எண்ணிப் போட்ட துல்லியக் கணக்கு இல்லை, ஒரு மதிப்பீடுதான். மெட்டா எண்ணுவது கணக்குகளை. ஒருவர் தன் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்தால் அவர் ஒருத்தர். இணைக்காமல் வைத்திருந்தால் அதே மனிதர் இரண்டு பேராக எண்ணப்படலாம். அம்மா, அப்பா, பிள்ளை எல்லாரும் ஒரே போனில் ஒரே கணக்கைப் பார்க்கும் வீடுகளில் மூன்று பேர் ஒருத்தராகிவிடுவார்கள். அதனால் 40,000 என்பதை "ஏறத்தாழ 40,000" என்று படித்துக்கொள்வது நல்லது.

ரீச்சை ஏன் கூட்டக் கூடாது?

இந்த விளம்பரம் இரண்டு பகுதியாக ஓடியிருக்கிறது. ஆட்ஸ் மேனேஜரில் இதை 'ஆட் செட்' என்பார்கள். முதல் ஆட் செட், தமிழ்நாடு முழுக்க 25 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு. இதை 'புது ஆட்கள்' என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, ஏற்கெனவே கடையின் வெப்சைட்டுக்கு வந்தவர்கள், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு. இதை 'பழகின ஆட்கள்' என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆளுக்குப் பாதியாக 6,000 ரூபாய்.

புது ஆட்களில் ரீச் 36,000. பழகின ஆட்களில் ரீச் 6,000. கூட்டினால் 42,000 வருகிறது. ஆனால் மொத்த வரியில் 40,000 என்று இருக்கிறது. 2,000 பேர் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை. அந்த 2,000 பேர் இரண்டு ஆட் செட்டிலும் விளம்பரத்தைப் பார்த்தவர்கள். மொத்தக் கணக்கு எடுக்கும்போது ஒரு தடவை மட்டும்தான் எண்ணப்படுவார்கள். இம்ப்ரெஷனைக் கூட்டலாம், கிளிக்கைக் கூட்டலாம், செலவைக் கூட்டலாம். ரீச்சை மட்டும் கூட்டக் கூடாது. நாள்வாரியாக வரும் ரீச்சுக்கும் இதே விதிதான். திங்கள்கிழமை பார்த்தவரே செவ்வாய்க்கிழமையும் பார்த்திருப்பார்.

இது ஏன் முக்கியம்? மாதாமாதம் ரிப்போர்ட் வாங்கும் கடைகளுக்கு வருஷக் கடைசியில் "மொத்த ரீச் இத்தனை லட்சம்" என்று ஒரு எண் வரும். 12 மாத ரீச்சையும் எக்செல்லில் கூட்டிப் போட்டிருந்தால் அது ஆள் கணக்கே கிடையாது. ஆட்ஸ் மேனேஜரில் தேதி வரம்பை முழு வருஷத்துக்கு மாற்றி, அதில் வரும் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பல நேரம் அது கூட்டிய எண்ணைவிட வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஃப்ரீக்வென்சி: சராசரிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் கதை

இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தால் ஃப்ரீக்வென்சி. 1,20,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 3. ஒரு ஆளுக்குச் சராசரியாக மூன்று தடவை விளம்பரம் போயிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை பார்த்து மறந்துவிடும் விஷயம், மூன்று தடவை பார்த்தால் மனதில் நிற்கும் அல்லவா?

இந்த 'மூன்று' என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டுரை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹெர்பர்ட் க்ரக்மேன் 1972-ல், ஒரு விளம்பரத்தை மூன்று முறை காண்பதே ஏன் போதுமானதாக இருக்கலாம் என்று எழுதினார். முதல் முறை 'என்ன இது?', இரண்டாவது முறை 'இதனால எனக்கு என்ன?', மூன்றாவதிலிருந்து வெறும் ஞாபகமூட்டல் என்பது அவர் வாதம். அது டிவி காலத்து எழுத்து. அவர் பேசியது மனதில் நடக்கும் மூன்று கட்டங்களைப் பற்றி. மூன்று தடவை ஒளிபரப்பினால் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அந்த எண் மட்டும் விளம்பரத் துறையில் இன்றுவரை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நம் கடையின் ரிப்போர்ட்டில் இருக்கும் 3-ஐ உடைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். புது ஆட்களுக்குப் போன இம்ப்ரெஷன் 66,000. அதை 36,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.8 தடவை. பழகின ஆட்களுக்குப் போன இம்ப்ரெஷன் 54,000. அங்கே இருப்பது வெறும் 6,000 பேர். ஆளுக்கு 9 தடவை!

ஒரு பக்கம் விளம்பரம் சரியாக மனதில் பதியவே இல்லை. இன்னொரு பக்கம் அதே பெட்ஷீட் படம் 14 நாளில் ஒன்பது தடவை வந்து நின்றிருக்கிறது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்ததால் '3' என்ற அழகான எண் கிடைத்திருக்கிறது. சொல்லப்போனால் இந்த விளம்பரத்தைச் சரியாக மூன்று தடவை பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேராகக்கூட இருக்கலாம்.

ஏன் இப்படி ஆனது? பணம்தான் காரணம். 6,000 பேர் மட்டுமே உள்ள சின்னக் கூட்டத்துக்கு, 36,000 பேருக்குக் கொடுத்த அதே பட்ஜெட்டைக் கொடுத்துவிட்டார்கள். சிஸ்டம் அந்தப் பணத்தை எப்படியாவது செலவழிக்கப் பார்க்கும். புதிதாகக் காட்ட ஆள் இல்லாதபோது, அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும்.

சரி, 9 என்பது அதிகமா? எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 14 நாளில் ஒன்பது என்பதும் மூன்று மாதத்தில் ஒன்பது என்பதும் ஒன்றல்ல. அதனால் ஃப்ரீக்வென்சி எண்ணைக் கேட்கும்போதெல்லாம் "எத்தனை நாளில்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகமாகிவிட்டதா என்பதைக் காட்டிக்கொடுப்பது அடுத்த எண்தான். அது கிளிக்.

முதல் வாரத்தில் பழகின ஆட்களுக்கு 30,000 தடவை விளம்பரம் போனது, லிங்க்கைத் தொட்டது 300 முறை. அதாவது 100 தடவை காட்டினால் 1 கிளிக். இரண்டாவது வாரத்தில் 24,000 தடவை போனது, கிளிக் 120 மட்டும். 100 தடவைக்கு அரை கிளிக். இரண்டு வாரமும் செலவு 3,000 ரூபாய்தான். முதல் வாரம் ஒரு கிளிக்குக்கு 10 ரூபாய் ஆனது, இரண்டாவது வாரம் 25 ரூபாய்.

ஃப்ரீக்வென்சி ஏற ஏற கிளிக் விகிதம் இறங்குவதும், ஒரு கிளிக்கின் விலை ஏறுவதும் ஒன்றாக நடந்தால், மக்களுக்கு அந்த விளம்பரம் சலித்துவிட்டது என்று அர்த்தம். மொத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வாரவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

3,000 கிளிக்... ஆனா கடைக்குள்ள வந்தவங்க எத்தனை பேர்?

நான்கு வார்த்தைகளில் அதிகம் குழப்புவது கிளிக்தான். காரணம், ரிப்போர்ட்டில் ஒன்றுக்கும் மேற்பட்ட கிளிக் இருக்கிறது.

ஏஜென்சி பையன் சொன்ன 3,000 என்பது Clicks (all) என்ற காலத்தில் இருக்கும் எண். விளம்பரத்தின் மேல் நடந்த எல்லாமே இதில் அடங்கும். லைக் போட்டாலும் கிளிக், கமென்ட் போட்டாலும் கிளிக். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது, 'See more' தொட்டு மீதி வரிகளைப் படித்தது, கடையின் பெயரைத் தொட்டு புரொஃபைலுக்குப் போனது எல்லாமே இந்த 3,000-க்குள் இருக்கிறது. "விலை எவ்வளவு?" என்று கமென்ட் கேட்டவர் இருக்கிறார், "கலர் போகுமா?" என்று கேட்டவரும் இருக்கிறார்.

வெப்சைட்டுக்குப் போகும் பட்டனையோ லிங்க்கையோ தொட்ட கணக்கு தனி. அது Link clicks என்ற காலம். இந்தக் கடைக்கு அது 1,080.

அதற்கும் அடுத்து Landing page views என்று ஒன்று உண்டு. லிங்க்கைத் தொட்ட பிறகு பக்கம் உண்மையாகவே திறந்ததா என்ற கணக்கு. இது வர வேண்டுமென்றால் வெப்சைட்டில் மெட்டா பிக்சல் என்ற சின்ன கோடை முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும். இந்தக் கடையில் பொருத்தியிருந்தார்கள். எண் 750.

ஆக, 3,000 கிளிக்கில் கடை வாசலுக்குள் வந்தது 750. லிங்க்கைத் தொட்ட 1,080-லேயே 330 வழியில் காணாமல் போயிருக்கிறது. பக்கம் திறக்க நேரமாகி, பொறுமை இல்லாமல் பின்னால் போயிருக்கலாம். பெட்ஷீட் போட்டோ ஒவ்வொன்றையும் கேமராவில் எடுத்த சைஸிலேயே வெப்சைட்டில் ஏற்றி வைத்திருந்தால், சிக்னல் சுமாராக இருக்கும் ஊரில் இது கட்டாயம் நடக்கும்.

ஆனால் இங்கே வேறொரு காரணமும் இருக்கிறது. ஆட்ஸ் மேனேஜரில் Breakdown என்பதைத் தொட்டு, அதில் Placement என்பதைத் தேர்ந்தெடுத்தால், விளம்பரம் எந்தெந்த இடத்தில் வந்தது என்று பிரித்துக் காட்டும். ஃபேஸ்புக் ஃபீட், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ஸ்டோரி என்று வரிசையாக வரும். அதில் Audience Network என்றும் ஒரு வரி இருக்கும். மெட்டாவுக்கு வெளியே உள்ள ஆப்கள், கேம்களில் வரும் விளம்பரம் அது.

புது ஆட்கள் ஆட் செட்டில் வந்த லிங்க் கிளிக் 660. அதில் 300 இந்த வரியிலிருந்து வந்தவை. 15,000 தடவை காட்டி 300 கிளிக் என்றால் 100-க்கு 2. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கிடைத்தது 100-க்கு 0.7 மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் இதுதான் சூப்பர் இடம், பணத்தை எல்லாம் இங்கேயே போடலாம் என்று தோன்றும்.

பக்கத்திலேயே இருக்கும் லேண்டிங் பேஜ் எண்ணையும் பார்த்தால் கதை மாறிவிடும். அந்த 300 கிளிக்கில் பக்கம் திறந்தது 90. கேம் விளையாடுகிறவர் விளம்பரத்தை மூடப் போகிறார், விரல் தவறிப் படுகிறது, பதறிப்போய் பின்னால் வந்துவிடுகிறார். அதுவும் கணக்கில் ஒரு கிளிக்தான். மற்ற இடங்களில் வந்த 360 கிளிக்கில் பக்கம் திறந்தது 300. கிளிக் விகிதம் திடீரென்று தூக்கலாகத் தெரிந்து, லேண்டிங் பேஜ் எண் மட்டும் படுத்துக்கிடந்தால், அது பெரும்பாலும் கைதவறிய கிளிக்.

15 ஆர்டர் எங்கிருந்து வந்தது?

இப்போது கடைக்காரர் கேள்விக்கு வரலாம். அவருக்கு ஒரு ஆர்டரின் சராசரி 1,400 ரூபாய். சரக்கு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது சுமார் 490 ரூபாய். விளம்பரச் செலவு 12,000-ஐ 15 ஆர்டரால் வகுத்தால் ஒரு ஆர்டருக்கு 800 ரூபாய். ஒவ்வொரு ஆர்டரிலும் 310 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. விளம்பரத்துக்கான 18% ஜி.எஸ்.டி இதற்கு மேல் தனி.

அப்படியென்றால் விளம்பரமே வேஸ்ட்டா? ஆர்டரையும் அதே மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டும். 15-ல் 11 ஆர்டர் பழகின ஆட்களிடமிருந்து வந்தது. அதிலும் 9 ஆர்டர் முதல் வாரத்தில். 3,000 ரூபாய்க்கு 9 ஆர்டர் என்றால் ஒன்றுக்கு 333 ரூபாய். இது லாபம். இரண்டாவது வாரத்தில் அதே 3,000 ரூபாய்க்கு வந்தது 2 ஆர்டர், ஒன்றுக்கு 1,500 ரூபாய். புது ஆட்களுக்குச் செலவான 6,000 ரூபாய்க்கு 4 ஆர்டர். அங்கேயும் ஒன்றுக்கு 1,500 ரூபாய்தான்.

ஃப்ரீக்வென்சி 9 என்று பார்த்ததும் அந்த ஆட் செட்டை மூடிவிட்டிருந்தால், லாபம் கொடுத்த ஒரே இடத்தை மூடியிருப்பார்கள். தப்பு அந்தக் கூட்டத்தில் இல்லை. முதல் வாரத்தோடு பட்ஜெட்டைக் குறைக்காமல் விட்டதும், படத்தை மாற்றாமல் விட்டதும்தான் தப்பு.

புது ஆட்களை முழுசாக நிறுத்திவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெப்சைட்டுக்கு வந்துபோகும் புது ஆட்கள்தான் நாளைக்குப் பழகின ஆட்கள். அந்தக் குழாயை அடைத்துவிட்டால் இந்தத் தொட்டி சீக்கிரமே வற்றிவிடும். அதனால் நிறுத்துவதைவிட, கைதவறும் கிளிக் வரும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆர்டர் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும், அது விளம்பரத்தால் வந்த ஆர்டர் என்றே எழுதிக்கொள்ளும். வருஷாவருஷம் தீபாவளிக்கு இந்தக் கடையில் வாங்குபவர் எப்படியும் வாங்கியிருப்பார், விளம்பரமும் அவர் கண்ணில் பட்டிருக்கும். பழகின ஆட்கள் கணக்கில் இது நிறையவே நடக்கும். ரிப்போர்ட்டில் உள்ள ஆர்டரையும் சொந்த ஆர்டர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேரைப் பார்த்து, இதில் எத்தனை பேர் புதுசு என்று எண்ணிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. எந்த டேஷ்போர்டும் இதைச் செய்து தராது.

பொங்கலுக்கு என்ன செய்வது?

கடைக்காரர் 12,000-ஐ அப்படியே திரும்பப் போட வேண்டியதில்லை. பழகின ஆட்களுக்கு 14 நாளில் 3,000 ரூபாய் போதும், அதுவும் ஏழாம் நாள் படத்தை மாற்றி. புது ஆட்களுக்கு 3,000 ரூபாய், ஆடியன்ஸ் நெட்வொர்க்கை எடுத்துவிட்டு. வெப்சைட் போட்டோக்களின் சைஸை அதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். மீதி 6,000 கையிலேயே இருக்கட்டும்.

ஏஜென்சி பையனிடம் இந்தத் தடவை கேட்டு வாங்க வேண்டிய ரிப்போர்ட்டும் வேறு. ஆட் செட் வாரியாகவும் வாரவாரியாகவும் பிரித்தது. ரீச், ஃப்ரீக்வென்சியோடு லிங்க் கிளிக், லேண்டிங் பேஜ் வியூ, ஆர்டர், செலவு என்று வரிசையாக இருக்க வேண்டும். "ஏழு நாள்ல ஃப்ரீக்வென்சி என்ன, லிங்க் கிளிக் ஏறுதா இறங்குதா, இத மட்டும் எட்டாம் நாள் காலைல சொல்லிருப்பா" என்று இப்போதே சொல்லி வைத்தால், இரண்டாவது வாரத்துக்கான பணம் போவதற்கு முன்பே பட்ஜெட்டை மாற்ற நேரம் கிடைக்கும்.